பதினாறு செகண்டு யாரும் காத்திருக்க மாட்டார்கள்

வானொலி விளம்பரத்துக்கு ஸ்கிரிப்ட் எழுதும் நண்பர்களுக்கு,

கோவையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில், வாய்ஸ் ஆர்ட்டிஸ்டுக்கு எதிரே, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வேலை செய்பவன் நான். உங்கள் ஸ்கிரிப்ட் வாட்ஸ்அப்பில் வந்து சேர்வதற்கும் அது ஸ்பாட்டாக எஃப்.எம்.மில் ஓடுவதற்கும் நடுவில் நடப்பது உங்களில் பலருக்குத் தெரியாது. ஸ்கிரிப்ட் வருகிறது. ஆர்ட்டிஸ்ட் ஒருமுறை படித்துப் பார்க்கிறார். முப்பது செகண்டு ஸ்பாட் நாற்பதைத் தாண்டுகிறது. வாக்கியம் முடிவதற்குள் அவருக்கு மூச்சு முடிகிறது. பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் அங்கேயே அடித்துத் திருத்துகிறோம். கடைக்காரரைக் கேட்க நேரம் இருக்காது, உங்களையும் கேட்பதில்லை. அந்த அவசரத்தில் எந்தச் சொல் போனது, எந்த வாக்குறுதி கூடியது என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. அந்த வேலையை உங்கள் மேசையிலேயே செய்துவிடலாம் என்பதற்காகத்தான் இந்த மடல்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டே பேசுவோம். கிரைண்டர் விற்கும் ஒரு கடையின் ஆடித் தள்ளுபடி விளம்பரம். கடையின் பெயரை மட்டும் எடுத்துவிட்டுத் தருகிறேன்.

"கோவை மாநகரில் கடந்த 25 ஆண்டுகளாக மக்களின் நன்மதிப்பைப் பெற்று விளங்கும் (கடைப் பெயர்) நிறுவனம், ஆடித் திருவிழாவை முன்னிட்டு, தங்களிடமுள்ள பழைய கிரைண்டர்களைக் கொடுத்து புத்தம் புதிய டில்டிங் கிரைண்டர்களைப் பெற்றுக்கொள்ளும் அரிய வாய்ப்பினை வழங்குகிறது. பழைய கிரைண்டர்களுக்கு அவற்றின் நிலையைப் பொறுத்து ரூ.1,499 வரை கழிவு வழங்கப்படும். இச்சலுகை ஆகஸ்ட் 3 வரை மட்டுமே. முகவரி: (கதவு எண்), கிராஸ்கட் ரோடு, காந்திபுரம், கோவை. தொலைபேசி: (பத்து இலக்கம்). நிபந்தனைகளுக்கு உட்பட்டது."

நோட்டீசில் அச்சடித்தால் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கண் ஒரே பார்வையில் கடைப் பெயரைப் பிடித்துவிடும், விலையைப் பிடித்துவிடும், வேண்டாததைத் தாண்டிப் போய்விடும். காதுக்கு அந்த வசதி கிடையாது. வருகிற வரிசையில்தான் அது வாங்கிக்கொள்ள வேண்டும்.

முதலில் அளவைப் பார்ப்போம். உங்களில் பலர் சொற்களை எண்ணுகிறீர்கள். இங்கிலீஷ் ஸ்கிரிப்டுக்கு அந்தக் கணக்கு ஒத்துவரலாம். தமிழில் "பெற்றுக்கொள்ளும்" என்பதும் ஒரு சொல், "வா" என்பதும் ஒரு சொல். அதனால் சொல் கணக்கு ஏமாற்றும். நம் எழுத்திலேயே இதைவிட நல்ல அளவுகோல் இருக்கிறது: புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் எண்ணுங்கள். "கிரைண்டர்" என்றால் கி, ரை, ட என்று மூன்று. "வழங்குகிறது" என்றால் வ, ழ, கு, கி, ற, து என்று ஆறு. வாய் எத்தனை முறை திறக்கிறதோ அத்தனைதான் எண்ணிக்கை. எண்களைச் சொல்லாக விரித்து எழுதிவிட்டுத்தான் எண்ண வேண்டும் என்பதை மறக்காதீர்கள். "1,499" தாளில் நான்கு இலக்கம்தான், வாயில் அது வேறு.

விளம்பரத்தை அவசரமில்லாமல், புரியும்படி சொன்னால் ஒரு செகண்டுக்கு ஏறக்குறைய ஆறு எழுத்து போகும் என்பது எங்கள் கூடத்துக் கணக்கு. ஆர்ட்டிஸ்டைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். முப்பது செகண்டில் தொடக்க இசைக்கும் முடிவில் கடைப் பெயரோடு வரும் சின்ன இசைத்துணுக்குக்கும் மூன்று செகண்டாவது போய்விடும். வாக்கியங்களுக்கு நடுவில் விடும் மூச்சுக்கு இன்னும் இரண்டு, மூன்று. மிஞ்சுவது இருபத்து நான்கு, இருபத்தைந்து செகண்டு. அதாவது 140 முதல் 150 எழுத்து. மேலே உள்ள ஸ்கிரிப்ட் 200-ஐத் தாண்டுகிறது. இதை முப்பது செகண்டில் அடைத்தே ஆக வேண்டும் என்றால் எடிட்டர் கம்ப்யூட்டரில் மூச்சுகளை வெட்டி, வேகத்தையும் ஏற்றுவார். மூச்சு விடாமல் ஓடும் குரலை எஃப்.எம்.மில் நீங்களே கேட்டிருப்பீர்கள். அந்தக் குற்றம் ஆர்ட்டிஸ்டுடையது அல்ல.

அளவைவிடப் பெரிய சிக்கல் முதல் வாக்கியத்தில் இருக்கிறது. அதை மட்டும் தனியாக எண்ணிப் பாருங்கள். கடைப் பெயரையும் சேர்த்து 96 எழுத்து வரும். செகண்டுக்கு ஆறு என்றால் பதினாறு செகண்டு. தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வரும் என்பதால், "வழங்குகிறது" என்று காதில் விழும்வரை இந்தக் கடை என்ன செய்கிறது என்றே கேட்பவருக்குத் தெரியாது. நடுவில் "விளங்கும்", "உள்ள", "பெற்றுக்கொள்ளும்" என்று ஒவ்வொரு எச்சமும் அடுத்த பெயரைத் தேடி நிற்கிறது. அத்தனையையும் மனத்தில் தாங்கிக்கொண்டு, வண்டி ஓட்டிக்கொண்டோ மாவு ஆட்டிக்கொண்டோ ஒருவர் பதினாறு செகண்டு காத்திருக்க வேண்டும். யாரும் காத்திருக்க மாட்டார்கள். ஸ்டேஷனை மாற்றக்கூட மாட்டார்கள், காதை மட்டும் மூடிக்கொள்வார்கள். விளம்பரக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான்.

"பேச்சுத் தமிழில் மாற்றித் தாருங்கள்" என்று கேட்டால் உங்களிடமிருந்து பெரும்பாலும் வருவது இதுதான்: "கோவைல இருபத்தஞ்சு வருஷமா மக்களோட நன்மதிப்பைப் பெற்று விளங்குற (கடைப் பெயர்) நிறுவனம், ஆடித் திருவிழாவை முன்னிட்டு, உங்ககிட்ட உள்ள பழைய கிரைண்டர்களைக் குடுத்து, புத்தம் புதிய டில்டிங் கிரைண்டர்களைப் பெற்றுக்கொள்ளுற அரிய வாய்ப்பை வழங்குறாங்க." விகுதிகள் எல்லாம் மாறிவிட்டன. ஆனால் இப்படிப் பேசும் மனிதர் ஒருவரும் எந்த ஊரிலும் இல்லை. அச்சுத் தமிழின் எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது. அதற்கு முதல் ஸ்கிரிப்டே தேவலாம், தான் என்னவென்று அதற்காவது தெரியும்.

சுத்தமான தமிழாக இருப்பதால்தான் விளம்பரம் ஒட்டவில்லை என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எழுபதுகளில் தமிழ்நாட்டு வீடுகளில் இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்களிடம் பேசிப் பாருங்கள். அந்த அறிவிப்பாளர்கள் தெருப்பேச்சுப் பேசியவர்கள் அல்ல, திருத்தமான தமிழ்தான் பேசினார்கள். ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து நம்மோடு பேசுவதுபோல் இருந்தது என்பார்கள். திருத்தமான தமிழும் காதில் நிற்கும், வாக்கியம் மூச்சுக்குள் முடிந்தால். "வருகிறார்கள்" என்பதா "வர்றாங்க" என்பதா என்பது இரண்டாவது கேள்வி. எதை முதலில் சொல்வது, ஒரு மூச்சில் எவ்வளவு சொல்வது என்பதே முதல் கேள்வி.

சரி, கிரைண்டருக்கு வருவோம். கேட்பவரின் இடத்திலிருந்து தொடங்கினால் வரிசை தானாகவே மாறிவிடும். அவருக்கு இந்தக் கடையைப் பற்றி இன்னும் அக்கறை இல்லை. அவர் வீட்டு மூலையில் ஒரு பழைய கல் கிரைண்டர் கிடக்கிறது. அந்த அக்கறை மட்டும் இருக்கிறது. எனவே தொடக்கம் அங்கே. "வீட்டுல பழைய கிரைண்டர் மூலையில கிடக்குதுங்களா?" அடுத்து இயல்பாக வருவது, "எடுத்துட்டு வாங்க, மாத்திக்கலாம்."

இப்படி எழுதிய உடனே, நோட்டீசில் யாரும் கேட்காத ஒரு கேள்வி எழுந்தது. "எடுத்துட்டு வாங்க" என்றால் யார் எடுத்து வருவது? பழைய கல் கிரைண்டரை இரண்டு பேர் சேர்ந்துதான் நகர்த்த முடியும். "தங்களிடமுள்ள கிரைண்டர்களைக் கொடுத்து" என்று எழுதும்போது அந்தக் கனம் கையில் தெரிவதில்லை. "எடுத்துட்டு வாங்க" என்று வாயால் சொல்லும்போது இடுப்பு வலிக்கிறது. கடைக்காரரைக் கேட்டதில், பதில் உடனே வந்தது: "அதெல்லாம் நாங்களே வண்டி அனுப்பி எடுத்துக்குவோமுங்க." முழு விளம்பரத்திலும் இதைவிட நல்ல செய்தி வேறு இல்லை. அது ஸ்கிரிப்டிலேயே இல்லாமல் இருந்தது.

இன்னும் இரண்டு கேள்விகளையும் கேட்க வேண்டியிருந்தது. "அவற்றின் நிலையைப் பொறுத்து" என்றால், ஓடாத கிரைண்டரையும் எடுத்துக்கொள்வார்களா? எடுத்துக்கொள்வார்கள், தொகைதான் குறையும். அந்த 1,499 எதற்கு? அச்சில் 1,500-ஐவிடக் கவர்ச்சியாக இருக்கும் என்று யாரோ சொன்னார்களாம். அது விற்கிற விலைக்குப் பொருந்தும் தந்திரம். நாம் கொடுக்கிற பணத்தை ஒரு ரூபாய் குறைத்துச் சொல்வானேன்? மேலும் "ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது" பன்னிரண்டு எழுத்து, "ஆயிரத்து ஐநூறு" ஏழு. சொல்ல எளிது என்பதற்காக நானாக 1,500 என்று மாற்றிவிட முடியாது. அது கடை கொடுக்கும் வாக்கு. கடைக்காரர் ஒப்புக்கொண்ட பிறகுதான் மாற்றினோம்.

ஆகஸ்ட் 3 என்ற தேதியும் இப்படித்தான். ஆடி மாதத்தில் நம் ஊரில் யாருக்கும் தேதி சொல்ல வேண்டியதில்லை, ஆடிப் பதினெட்டு என்றால் போதும். அந்த வருடம் இரண்டும் ஒரே நாளில் வந்தன. சில வருடங்களில் ஆடிப் பெருக்கு ஆகஸ்ட் 2-லேயே வந்துவிடும் என்பதால் காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

கடைசியில் பதிவானது இது:

"வீட்டுல பழைய கிரைண்டர் மூலையில கிடக்குதுங்களா? ஓடலைன்னாலும் பரவால்லைங்க. கடைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க, வண்டி அனுப்பி நாங்களே எடுத்துக்கறோம். புதுசா டில்டிங் கிரைண்டர் வாங்கும்போது ஆயிரத்து ஐநூறு ரூபா வரைக்கும் கழிச்சுக்கலாம். ஆடிப் பதினெட்டு வரைக்கும்தான். (கடைப் பெயர்). காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டுல, இருபத்தஞ்சு வருஷமா அதே கடைதான். (கடைப் பெயர்). நிபந்தனைகளுக்கு உட்பட்டது."

எண்ணிப் பாருங்கள். கடைப் பெயருக்கு ஆறு எழுத்து என்று வைத்துக்கொண்டால், அது இரண்டு முறை வந்தும் மொத்தம் 140. பேச இருபத்து மூன்று செகண்டுக்குச் சற்று மேல். மிச்சம் இசைக்கும் மூச்சுக்கும். பெரிய வாக்கியம் "புதுசா" என்று தொடங்குவது, 29 எழுத்து. ஐந்து செகண்டுக்குள் முடிந்துவிடும்.

என்னென்ன போயின என்று பாருங்கள். "நன்மதிப்பைப் பெற்று விளங்கும்" போய்விட்டது. அதைச் சொல்லாத கடை கிடையாது, அதனால் அது யார் காதிலும் ஏறாது. அதற்குள் இருந்த உண்மை 25 வருடம் மட்டுமே. அது "அதே கடைதான்" என்று கடைசியில் வந்து உட்கார்ந்துகொண்டது. "அரிய வாய்ப்பு", "புத்தம் புதிய" இரண்டும் போயின. போன் நம்பரும் போனது. கடைக்காரருக்கு அதில்தான் வருத்தம். வண்டி ஓட்டுகிறவர் பத்து இலக்கத்தை எங்கே குறித்துக்கொள்வார்? நம்பர் இருந்தே ஆக வேண்டும் என்றால் அதை மட்டும் இரண்டு முறை சொல்லும் தனி ஸ்பாட் போட வேண்டும். இலக்கங்களை இங்கிலீஷில், இரண்டு இரண்டாகவோ ஐந்து ஐந்தாகவோ பிரித்துச் சொல்ல வேண்டும். போன் நம்பரை "ஒன்பது எட்டு நான்கு" என்று தமிழில் சொல்கிறவர்கள் இன்று மிகக் குறைவு. இந்த இடத்தில் தூய தமிழ் பார்த்தால் கேட்பவர் மனத்துக்குள் மொழிபெயர்த்துக்கொண்டிருப்பார், அதற்குள் அடுத்த இலக்கம் போய்விடும்.

எப்படி எழுத்தில் போடுவது என்பதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. பேச்சு வழக்கு என்றதும் சிலர் "எல", "ஒடம்பு", "கெடக்குது", "வெல" என்று ஒலிக்கிறபடியே எழுதி அனுப்புகிறார்கள். அதை முதல்முறை பார்க்கும் ஆர்ட்டிஸ்ட் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருக்கிறது. எழுத்துக்கூட்டுகிற குரலில் பேச்சு வராது. நான் வைத்துக்கொண்டிருக்கும் வழி எளியது. பேச்சில் எழுத்து எண்ணிக்கையோ மெய்யோ மாறுகிறதென்றால் பேச்சு வடிவத்தையே எழுதுங்கள்: எடுத்துக்கொள்கிறோம் என்பது எடுத்துக்கறோம், இருபத்தைந்து என்பது இருபத்தஞ்சு, ரோட்டில் என்பது ரோட்டுல. முதல் உயிரின் நிறம் மட்டும் மாறுகிறதென்றால் அச்சு வடிவத்தையே விட்டுவிடுங்கள். "கிடக்குது" என்று எழுதினாலும் தமிழ் பேசுகிற வாய் அதை "கெடக்குது" என்றுதான் சொல்லும். நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

கொங்குத் தமிழைப் பற்றி ஒரு வார்த்தை. கோவை விளம்பரம் என்றாலே "ஏனுங்க", "அதுதானுங்க" என்று வரிக்கு வரி "ங்க" தூவி அனுப்புகிறீர்கள். அது கொங்குப் பேச்சல்ல. சினிமாவில் கொங்குப் பேச்சாக நடிக்கப்படுவது. இங்கே பிறந்தவர்களுக்கு அது கேலியாகப் படுகிறது. மேலே உள்ள ஸ்கிரிப்டில் மரியாதையின் "ங்க" கேள்வியில் ஒருமுறை, பதிலில் ஒருமுறை. அதோடு சரி ("சொல்லுங்க" எல்லா ஊருக்கும் பொது). கேள்வியிலேயே "கிடக்குதுங்களா" என்று வந்துவிட்டதால் பேசுகிறவர் எந்த ஊர்க்காரர் என்பது தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நிரூபிக்க வேண்டியதில்லை. இதே ஸ்பாட் மதுரையிலும் திருச்சியிலும் ஓட வேண்டும் என்றால் அந்த இரண்டு "ங்க"வையும் எடுத்துவிட்டு "கிடக்குதா?" என்று கேளுங்கள், போதும். "அண்ணே" சேர்த்து மதுரையாக்கி, "ஏலே" சேர்த்து நெல்லையாக்கும் வேலை வேண்டாம். முன்பின் தெரியாத வாடிக்கையாளரை நெல்லைக் கடைக்காரர் எவரும் "ஏலே" என்று கூப்பிட்டு நான் பார்த்ததில்லை.

இதுவரை சொன்னவற்றில் தவறினால் விளம்பரம் மோசமாக இருக்கும், அவ்வளவுதான். இனிச் சொல்வதில் தவறினால் கடைக்காரருக்கு நோட்டீஸ் வரும். பேச்சுத் தமிழ் தயங்குவதை விரும்பாது. "வரை", "பொறுத்து", "உதவும்", "கூடும்" போன்ற சொற்கள் அச்சில் அமைதியாக உட்கார்ந்திருக்கும், பேச்சாக்கும்போது முதலில் உதிர்வது அவைதான். "ரூ.1,500 வரை கழிவு" என்பதை "ஆயிரத்து ஐநூறு கழிச்சுக்கறோம்" என்று மாற்றினால் கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் ஓடாத கிரைண்டருக்கு ஐந்நூறு கொடுத்தவுடன் கடையில் சண்டை. அதனால்தான் "வரைக்கும்" இருந்தே ஆக வேண்டும். ஆர்ட்டிஸ்ட் அதை விழுங்கிவிடக்கூடாது என்பதற்காக அதன் கீழே கோடு போட்டு அனுப்புங்கள்.

மருந்து விளம்பரத்தில் இது இன்னும் கடுமை. "இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைக்க உதவக்கூடும்" என்று கம்பெனி எழுதிக் கொடுத்ததை நீங்கள் "சுகர் டக்குன்னு இறங்கிரும்" என்று இயல்பாக்கினால், நோயைத் தீர்க்கும் வாக்குறுதியாக அது மாறிவிடுகிறது. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் எந்தெந்த நோய்களுக்கு இப்படி விளம்பரம் செய்யக்கூடாது என்று பட்டியலே போட்டிருக்கிறது, நீரிழிவு அதில் உண்டு. உண்மையில் கம்பெனி எழுதிய முதல் வரியே அந்தச் சட்டத்தின் ஓரத்தில்தான் நிற்கிறது, நீங்கள் உள்ளே தள்ளிவிடுகிறீர்கள். இப்படிப்பட்ட வரி வந்தால் அதை அழகுபடுத்தாதீர்கள், எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தின் கடைசியில் வரும் எச்சரிக்கையையும் தொடாதீர்கள். அது கொடுத்தபடியே போக வேண்டிய வாசகம். "நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்பதையும் நான் பேச்சாக்கவில்லை. "கண்டிஷன் இருக்குங்க" என்று முடித்தால் அதுவரை சொன்னதெல்லாம் சந்தேகமாகிவிடும். அந்த இரண்டு சொல்லுக்கு அச்சுத் தமிழே பொருத்தமான உடை.

கண்ணுக்குத் தெரிந்து காதுக்குத் தெரியாமல் போகும் எழுத்து வேறுபாடுகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு லாட்ஜுக்கு "அறை வாடகை அரை வாடகை" என்று ஒரு வாசகம் வந்தது. தாளில் சாமர்த்தியம். இன்று பெரும்பாலோர் பேச்சில் ரகரமும் றகரமும் ஒன்றாகிவிட்டதால் ரேடியோவில் அது ஒரே வரியை இரண்டு முறை சொன்னதுபோல் இருக்கும். "ரூமுக்குப் பாதி வாடகைதான்" என்று சொன்னால் தீர்ந்தது. இன்னொன்று, பகரம் அடுத்தடுத்து வந்தால் மைக்கில் காற்று "பொட்" என்று அடிக்கும். "பளபளக்கும் பட்டுப் பாவாடை" போன்ற வரிகளை நாங்கள் மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி வைத்துச் சமாளித்துவிடுவோம். அதற்காக நீங்கள் வரியை மாற்ற வேண்டாம். ழ, ள, ல கலந்து வரும் வரிசைகள்தான் ஆபத்து. ஆர்ட்டிஸ்ட் ஒரே இடத்தில் இரண்டு முறை இடறினால் மூன்றாவது டேக் கேட்காமல் அந்த வரியைத் திருத்திவிடுவது நல்லது.

மும்பையிலிருந்தும் டெல்லியிலிருந்தும் இந்தியில் வரும் ஸ்கிரிப்டைத் தமிழாக்கும் நண்பர்களுக்குத் தனியாக ஒன்று. இந்தி ஸ்பாட்டின் இசையும் நீளமும் ஏற்கெனவே முடிவாகி இருக்கும், அதன் மேல் தமிழைப் போட்டு ஒட்டச் சொல்வார்கள். வரிக்கு வரி மாற்றினால் தமிழ் நிச்சயம் நீளும். "உங்கள் குடும்பத்திற்கு மிகச் சிறந்ததையே கொடுங்கள்" என்று எழுதாதீர்கள். அப்படிச் சொல்லும் அம்மா தமிழில் இல்லை. "பிள்ளைங்களுக்குன்னா நல்லதா பாத்து வாங்க மாட்டீங்களா?" என்பார் அவர். பொருளை வாங்கிக்கொண்டு வரியை விட்டுவிடலாமா என்று வேலையைத் தொடங்கும்போதே ஏஜென்சியிடம் கேட்டு அனுமதி வாங்கிவிடுங்கள். ரெக்கார்டிங் அன்று கேட்டால் கிடைக்காது.

எழுதி முடித்தபின் சோதிக்க ஒரு வழி இருக்கிறது, செலவில்லாதது. உங்கள் போனிலேயே படித்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். அதை, ஸ்கிரிப்டைப் பார்த்திராத ஒருவரிடம், அவர் வேறு ஏதாவது வேலையாக இருக்கும்போது ஒரே ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். "கேளுங்க, எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்று முன்னறிவிப்புக் கொடுத்தால் சோதனை கெட்டுவிடும். ஓடி முடிந்தபின் கேட்க வேண்டியவை: எந்தக் கடை, என்ன தருகிறார்கள், எதுவரைக்கும். மூன்றுக்கும் பதில் வந்தால் ஸ்கிரிப்ட் சரி. "நல்லா இருக்கு" என்ற பதில் மட்டும் வந்தால் திருத்தம் பாக்கி இருக்கிறது. நீங்களே படித்துப் பார்த்து நீங்களே கேட்டால் பயனில்லை, உங்களுக்கு எல்லாம் ஏற்கெனவே தெரியும்.

இனி நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு ஸ்கிரிப்டோடும் இரண்டை மட்டும் சேர்த்து அனுப்புங்கள். ஒன்று, நீங்கள் போனில் பதிவு செய்த அந்த ஒலி. அதைக் கேட்டால் எங்கே நிறுத்த வேண்டும், எதை அழுத்த வேண்டும் என்று ஆர்ட்டிஸ்டுக்கு விளங்கிவிடும். இரண்டு, கடைக்காரர் ஒப்புக்கொண்ட தொகை, தேதி, நிபந்தனை மூன்றையும் தனியே ஒரு வரியில் எழுதி அனுப்புங்கள். நாங்கள் ஒரு சொல்லை மாற்ற நேர்ந்தால், எதை மாற்றக்கூடாது என்பது அப்போது எங்கள் கண்முன் இருக்கும். தீபாவளி ஸ்பாட்டுகளுக்கு ஸ்டுடியோ நேரம் புரட்டாசியிலேயே நிரம்பிவிடும், ஸ்கிரிப்டை அதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
கோவை ஒலிப்பதிவுக் கூட நண்பன்